மெயில் பார்த்தீங்களா சார்?

பதில் வராத மெயில்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த வாரம்.

கே: ஒரு மெயில் அனுப்பிவிட்டு எத்தனை நாள் காத்திருந்து நினைவூட்டலாம்?
– வாசகர், ஈரோடு

ப: நாள் கணக்கை அனுப்பிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள். பதில் உங்களுக்கு எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய வேலைக்குத் திங்கள் அனுப்பியிருந்தால் புதன் காலை கேட்பதில் தப்பில்லை. அவசரமில்லாத விஷயமென்றால் ஒரு வாரம் விடலாம். எதிராளி கல்லூரிப் பேராசிரியர் என்றால் தேர்வுத்தாள் திருத்தும் காலமா என்று பார்த்து இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு எதுவுமே வேண்டாமென்றால் முதல் மெயிலிலேயே தேதியைச் சொல்லிவிடுங்கள். "வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் அச்சகத்துக்குச் சொல்ல வசதி" என்று எழுதியிருந்தால், புதன்கிழமை நீங்கள் கேட்பது அவசரமாகத் தெரியாது. 'நாளை வியாழன்' என்ற தகவலாகத்தான் தெரியும்.

கே: சப்ஜெக்ட்டில் 'ஜென்டில் ரிமைண்டர்' என்று போடலாமா?
– வாசகி, தாம்பரம்

ப: மென்மையாக எழுதியிருந்தால் அதை அறிவிக்கத் தேவையில்லை. மென்மையாக எழுதவில்லையென்றால் அறிவிப்பு காப்பாற்றாது. அலுவலகங்களில் 'ஜென்டில் ரிமைண்டர்–3' என்றெல்லாம் வருகிறது. மூன்றாவதிலும் மென்மை மிச்சமிருப்பதாக யாரும் நம்புவதில்லை.

சப்ஜெக்ட்டை மாற்றாமல் பழைய மெயிலுக்கே 'ரிப்ளை' போடுவதுதான் நல்லது. ஜிமெயிலில் சப்ஜெக்ட்டை மாற்றினால் பழைய உரையாடலிலிருந்து அறுந்து தனி மெயிலாகிவிடும். பெறுபவர் முதல் மெயிலைத் தேடிப் போக வேண்டியிருக்கும். தேடுகிற வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டால் பதிலை இன்னொரு வாரம் தள்ளிப்போட்டாயிற்று. அதே சமயம், "கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். அவர் கைபேசியில், பேருந்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். கேள்வியை மேலேயே இரண்டு வரியில் மறுபடி எழுதிவிடுங்கள்.

கே: கோவையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு, ஒரு இயந்திரத்தின் பயனர் கையேட்டை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஜூன் 3 அன்று ரூ.38,500-க்கு பில் அனுப்பினேன். 30 நாளில் பணம் என்று பேச்சு. இன்று ஜூலை 9. வேலை கொடுத்தவருக்கு இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை. இரண்டாவது மெயிலை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். கோபமாகவா எழுதியிருக்கிறேன்? என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்கிறார்.
– வாசகி, கோவை

ப: வீட்டுக்காரர் சொல்வது சரி. ஆனால் கோபம் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன். உங்கள் மெயில் இது:

"சார், ஏற்கெனவே மெயில் அனுப்பியிருந்தேன். இன்னும் ஒரு பதில்கூட நீங்கள் போடவில்லை. இப்போதாவது என் பில்லைப் பார்க்கவும்."

ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. ஆனாலும் படிப்பவருக்குச் சுருக்கென்று தைக்கும். காரணம் நான்கு குட்டிச் சொற்கள்: ஏற்கெனவே, இன்னும், கூட, இப்போதாவது. தமிழில் திட்டுவதற்குப் பெரிய வார்த்தை தேவையில்லை, ஒரு 'ஆவது' போதும். அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், "இன்னைக்காவது குளிச்சியா?" என்பதில் எத்தனை நாள் குற்றப்பத்திரிகை அடங்கியிருக்கிறது! ஐந்தாவதாக, 'நீங்கள் போடவில்லை'. அதை 'பதில் வரவில்லை' என்று எழுதினால் குற்றவாளிக் கூண்டு காலியாகிவிடும். நினைவூட்டல் எழுதி முடித்ததும் இந்த ஐந்தும் இருக்கிறதா என்று மட்டும் தேடி எடுத்துவிடுங்கள். பாதிக் கோபம் அதிலேயே போய்விடும்.

மீதிப் பாதி நியாயமான கோபம். பணம் வர வேண்டியது உண்மைதானே. ஆனால் அந்த மனிதர் உங்கள் பில்லை ஏன் பார்க்கவில்லை என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். வேலை கொடுத்தவர் அவர். பணம் கொடுப்பவர் கணக்குப் பிரிவில் வேறொருவர். பெரிய நிறுவனங்களில் ஒரு பில் நகர வேண்டுமென்றால் அதில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் வெண்டர் கோடு உருவாகியிருக்க வேண்டும், பான் எண்ணும் வங்கி விவரமும் அவர்கள் கணினியில் ஏறியிருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் பில் அப்படியே படுத்துவிடும். எது இல்லை என்று அந்த மனிதருக்கே தெரியாது. விசாரிக்க வேண்டும். விசாரிக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். உங்கள் மெயிலைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு இந்த வேலை ஞாபகம் வருகிறது, மூடிவிடுகிறார்.

ஆகவே நினைவூட்டல் என்பது அவருடைய வேலையைச் சின்னதாக்கித் தரும் மெயிலாக இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வரியில் பதில் சொல்லும்படி. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். ஜூன் 3 அன்று அனுப்பிய பில் எண் 14 தொடர்பாக எழுதுகிறேன். பயனர் கையேடு மொழிபெயர்ப்பு, தொகை ரூ.38,500, பணம் வர வேண்டிய தேதி ஜூலை 3. பில் கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டதா, அல்லது பர்ச்சேஸ் ஆர்டர் எண், வங்கி விவரம் போல என்னிடமிருந்து ஏதாவது தேவைப்படுகிறதா? உங்கள் வசதிக்காக பில்லை மறுபடி இணைத்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் யாரிடம் பேச வேண்டும் என்று சொன்னால், உங்களைத் தொந்தரவு செய்யாமல் நானே அவர்களைத் தொடர்புகொள்கிறேன்."

கடைசி வரிதான் துருப்புச்சீட்டு. ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால் உங்கள் தொல்லை விட்டது என்று அவருக்கு ஆசை காட்டுகிறீர்கள். ஜூலை 3 என்ற தேதியையும் கவனியுங்கள். 'தாமதம்' என்ற சொல்லே இல்லை. தேதி மட்டும் இருக்கிறது. அவருக்கும் நாள்காட்டி இருக்கிறது.

பெயர் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவிலிருந்து அநேகமாக "வெண்டர் ஃபார்ம் நிரப்பி, பான் நகலும் ரத்து செய்த காசோலையும் அனுப்புங்கள்" என்று பதில் வரும். அன்றே அனுப்பிவிடுங்கள். அதோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்தத் தேதி பேமெண்ட்டில் சேரும் சார்?" எப்போது வரும் என்று கேட்டால் 'சீக்கிரம்' என்பார்கள். பல நிறுவனங்கள் வாரத்தில் ஒரு நாள் அல்லது மாதத்தில் இரண்டு நாள் என்று வைத்து மொத்தமாகப் பணம் அனுப்புகின்றன. எந்தத் தேதி என்று கேட்டால் தேதியாகவே பதில் வரும்.

18-ஆம் தேதி என்று சொன்னார்கள், 18 போயிற்று, பணம் வரவில்லை. இப்போது என்ன எழுதுவது? "சொன்னபடி பணம் போடவில்லையே" என்றா? கூடாது. போட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு எழுதுங்கள்: "18-ஆம் தேதி பேமெண்ட்டில் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் கணக்கில் வரவு தெரியவில்லை. யுடிஆர் எண்ணை அனுப்பினால் வங்கியில் விசாரித்துக்கொள்கிறேன்." வங்கி வழியாகப் பணம் போனால் யுடிஆர் என்று ஒரு எண் உண்டு. பணம் அனுப்பியிருந்தால் அந்த எண் அவர்களிடம் இருக்கும், தந்துவிடுவார்கள். அனுப்பவில்லையென்றால் எண்ணுக்குப் பதில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சந்தேகப்பட்டதாக ஒரு சொல்லும் உங்கள் மெயிலில் இருக்காது.

இதற்கும் மசியாவிட்டால் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய தேதிக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கு நீங்கள் 'உத்யம்' பதிவு செய்திருப்பது நல்லது, அதுவும் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே. பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பில்லுக்குச் செல்லும் என்று நம்பியிருக்க முடியாது.

மெயிலில் சட்டத்தை எடுத்து வீச வேண்டாம். அதை எடுத்துவிட்டால் அடுத்த வேலை வராது என்று வைத்துக்கொள்ளலாம். உத்யம் எண்ணை உங்கள் பில்லின் அடியில் எப்போதும் அச்சிட்டு வையுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கே: "என் மெயில் ஒருவேளை ஸ்பாமில் போயிருக்கலாம்" என்று எழுதுவது நல்ல உத்திதானே?
– வாசகர், நாகர்கோவில்

ப: முதல் முறை நல்ல உத்தி. அவருக்குத் தப்பிக்க ஒரு கதவு திறந்துவிடுகிறீர்கள். இரண்டாவது முறையும் அதே ஸ்பாம் என்றால் குத்திக்காட்டுவது இரண்டு பேருக்குமே தெரியும்.

கே: எங்கள் கட்டட வரைபடத்தை மெயிலில் அனுப்பி இரண்டு வாரம். பொறியாளர் பதிலே போடவில்லை. நேரில் பார்த்தபோது "நீங்கள்தானே அனுப்பவில்லை" என்கிறார். என்ன நடந்திருக்கும்?
– வாசகர், கும்பகோணம்

ப: நினைவூட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையை விட்டுவிட்டீர்கள். முதலில் உங்கள் Sent பகுதியைத் திறந்து, மெயில் போனதா, Drafts-இல் உறங்குகிறதா என்று பாருங்கள். முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தால் Mail Delivery Subsystem என்ற பெயரில் ஒரு ஆங்கில மெயில் திரும்பி வந்திருக்கும். நிறையப் பேர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்.

ஆனால் வரைபடம் என்கிறீர்களே, அதனால் எனக்கு வேறு சந்தேகம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது. அதைத் தாண்டினால் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்புச் சுட்டியாக மாற்றிவிடும். அனுப்பும்போது கேட்ட அனுமதிக் கேள்வியை நீங்கள் அவசரத்தில் தட்டிவிட்டிருந்தால், பொறியாளருக்குச் சுட்டி போயிருக்கும், திறக்க அனுமதி போயிருக்காது. அவர் Request access என்ற பொத்தானை அழுத்தியிருப்பார். அந்த வேண்டுகோள் மெயிலாக உங்களுக்கே வந்திருக்கும். இப்போதே உங்கள் இன்பாக்ஸில் தேடிப் பாருங்கள். இரண்டு வாரமாக அவர்தான் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறாரோ என்னவோ.

கே: பதில் போடாதவருடைய மேலதிகாரிக்கு சி.சி. போட்டால் வேலை நடக்கிறது. செய்யலாமா?
– வாசகர், ஓசூர்

ப: வேலை நடக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்ச் பையனைப் பற்றி அவன் அப்பாவிடம் சொன்னாலும் அன்றைக்கு வேலை நடந்தது. அடுத்த நாள் இடைவேளையில் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

உண்மையிலேயே மேலே போக வேண்டிய கட்டம் வந்துவிட்டால் அவரிடமே முன்கூட்டிச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தேவைப்படுவதால், வியாழன் மாலை உங்கள் மேலாளரையும் சேர்த்து எழுதலாம் என்று இருக்கிறேன். உங்களுக்கு வேறு வழி வசதியென்றால் சொல்லுங்கள்." பெரும்பாலும் வியாழன் மாலைக்கு முன்பே பதில் வந்துவிடும். வராவிட்டாலும் நீங்கள் முதுகில் குத்தவில்லை.

கே: மெயிலைப் படித்தாரா என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?
– வாசகர், ஆம்பூர்

ப: சொந்த ஜிமெயில் கணக்கில் அந்த வசதி கிடையாது, அலுவலகக் கணக்குகளில் நிர்வாகி அனுமதித்தால் உண்டு. கண்டுபிடித்துத்தான் என்ன செய்யப்போகிறீர்கள்? "செவ்வாய் காலை நீங்கள் படித்தது எனக்குத் தெரியும்" என்று எழுதினால் அதற்குப் பெயர் நினைவூட்டல் இல்லை.

கே: வெளிநாட்டு மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு என் பேராசிரியருக்கு எழுதினேன். 'ஓகே' என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. கடைசித் தேதிக்கு 12 நாள்தான் இருக்கிறது. திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.
– மாணவி, திருச்சி

ப: பயப்படாதே அம்மா. 'ஓகே' சொன்னவருக்கு ஞாபகப்படுத்துவது சலுகை கேட்பதாகாது. அவர் மறந்துபோய் அவமானப்படாமல் நீதான் காப்பாற்றுகிறாய்.

பேராசிரியர் எங்கே சிக்கிக்கொண்டிருப்பார் தெரியுமா? பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பரிந்துரை செய்பவருக்குத் தானியங்கியாக ஒரு சுட்டியை அனுப்புகின்றன. முன்பின் தெரியாத ஆங்கில முகவரியிலிருந்து வரும் அது ஸ்பாமில் போயிருக்கலாம். அதனால் "சார், கடிதம் எழுதிவிட்டீர்களா?" என்று கேட்காதே. "சார், பல்கலைக்கழகத்திலிருந்து உங்களுக்கு ஒரு சுட்டி வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் சொல்லுங்கள், மறுபடி அனுப்பச் சொல்கிறேன். கடைசித் தேதி 21" என்று எழுது. உன் மதிப்பெண் பட்டியலையும், அவர் வழிகாட்டிய ப்ராஜெக்ட்டைப் பற்றி நான்கு வரியையும் சேர்த்து அனுப்பு. வருஷத்துக்கு எத்தனை மாணவர்களைப் பார்க்கிறார்! நீ செய்த ப்ராஜெக்ட் அவருக்கு ஞாபகம் இருக்காது. இருக்கிறதா என்று சோதிப்பதும் மரியாதை இல்லை.

ஐந்து நாளில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் நேரில் போய்விடு. போகும்போது இன்னொரு ஆசிரியரிடமும் கேட்டு வைத்துக்கொள். பல இணையதளங்களில் கடைசித் தேதிக்கு முன் பரிந்துரையாளரை மாற்ற இடம் உண்டு. மாற்ற நேர்ந்தால் அவருக்கு, "உங்கள் வேலைப்பளுவுக்கு நடுவில் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று வேறு ஏற்பாடு செய்துகொண்டேன் சார், மிக்க நன்றி" என்று ஒரு மெயில் போட மறக்காதே. பட்டம் வாங்கும் வரைக்கும் அதே வராந்தாவில்தான் நடக்க வேண்டும்.

கே: பெண்ணின் ஜாதகத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கு மெயிலில் அனுப்பி மூன்று வாரம். பதில் இல்லை. பெண் வீட்டுக்காரர்கள் நாங்களே கேட்டால் கௌரவக் குறைச்சல் என்கிறார் என் மனைவி.
– வாசகர், மயிலாடுதுறை

ப: பொருத்தம் பார்த்தாயிற்றா என்று கேட்டால்தான் கௌரவப் பிரச்சினை வரும். "அனுப்பிய கோப்பு திறந்ததா, ராசிக்கட்டம் தெளிவாகத் தெரிகிறதா?" என்று கேளுங்கள். ஒரு பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பட்டுமா என்றும் சேர்த்துக்கொள்ளலாம். விருப்பமிருந்தால் பேச்சு அங்கிருந்து தானாக வளரும். அதற்கும் மூச்சில்லையென்றால் கடைசியாக ஒன்று: "அமையாவிட்டாலும் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் மேற்கொண்டு பார்க்க வசதியாக இருக்கும்." நம் ஊரில் 'இல்லை' என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பாதிப் பேர் பதில் போடாமல் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை நீங்களே தீர்த்துவிட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். இந்த வாக்கியத்தை வேலைக்கு நேர்காணல் முடித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம். ஜாதகத்தை மட்டும் நீக்கிவிடுங்கள்.

கே: "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதலாமா?
– வாசகர், கரூர்

ப: தேநீர் இடைவேளை நான்கு மணிக்கா, நாலேகாலுக்கா என்ற விஷயமென்றால் எழுதலாம். விலை, ஒப்பந்தம், கையெழுத்து சம்பந்தப்பட்டதென்றால் கூடாது. உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்: "திங்கள் வரை காத்திருந்து, பழைய வடிவத்திலேயே அச்சுக்கு அனுப்புகிறேன்." திங்கள்கிழமை சொன்னபடி அனுப்பவும் வேண்டும். அனுப்பாமல் மறுபடி நினைவூட்டினால் உங்கள் தேதிகளை இனி யாரும் மதிக்க மாட்டார்கள்.

கே: மெயில் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பிலும் சொல்வது உறுத்தலா?
– வாசகி, விருதுநகர்

ப: அவர் தாமாக எண் கொடுத்திருந்தால் இல்லை. "மெயில் அனுப்பியிருக்கேன் சார், நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு மெயிலையும் அங்கே ஒட்டாதீர்கள். இரவு பத்து மணிக்கு வேண்டாம். நீல டிக் வந்த பிறகு கேள்விக்குறி மட்டும் அனுப்புகிறார்களே, அவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

கே: உங்கள் பத்திரிகைக்குக் கதை அனுப்பி நான்கு மாதமாகிறது. 'பாத்தீங்களா?' என்று மூன்று முறை மெயில் போட்டேன். நீங்கள் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே?
– எழுத்தாளர், தென்காசி

ப: பாத்தீங்களா என்று மூன்று மெயில் வந்தது உண்மை. எதை என்று மூன்றிலும் இல்லை. உங்கள் மெயில் முகவரியை வைத்துத் தேடினேன். கதை வேறு முகவரியிலிருந்து, அநேகமாக உங்கள் மகனுடையது, வந்திருக்க வேண்டும். கோப்பின் பெயர் kathai.docx என்றால் எங்கள் கணினியில் அந்தப் பெயரில் ஏழெட்டு இருக்கின்றன. கதையின் தலைப்பு, அனுப்பிய மாதம், எந்த முகவரியிலிருந்து அனுப்பினீர்கள், இந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதிப் போடுங்கள். "இம்மாதக் கடைசிக்குள் முடிவு தெரியாவிட்டால் வேறு பத்திரிகைக்கு அனுப்பிக்கொள்கிறேன்" என்றும் சேருங்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார், நானே கேட்டுவிட்டேன்.